மான்டூ பரிசோதனை: கண்ணுக்குச் சிவப்பு, விரலுக்குத் தடிப்பு

ஒன்பது வயதுச் சிறுமியின் இடது முன்கை. உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி திருப்பி, மேசையில் வைத்து எடுத்த படம். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று. கீழே அம்மாவின் செய்தி: "24 மில்லிமீட்டர் காட்டுது டாக்டர். 10 தாண்டினா டி.பி.ன்னு சொல்றாங்களே?"

மூன்று வாரமாக விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்ததால் மான்டூ பார்க்கச் சொல்லியிருந்தேன். ஊசி போட்டு 50 மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் பஸ் கிடைக்குமோ என்னவோ என்று அந்த அம்மா படத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். ஸ்கேலை அவர் தப்பாகப் படிக்கவில்லை. படத்தைக் கணினியில் பெரிதாக்கி நானும் அளந்தேன். ஸ்கேலில் 10 மி.மீ. என்பது திரையில் 150 புள்ளிகள். சிவப்பின் அகலம் 360 புள்ளிகள். கணக்குப்படி சரியாக 24. ஆனால் அவர் அளந்த பொருள்தான் வேறு. மறுநாள் காலை சிறுமி நேரில் வந்தபோது, அந்தச் சிவப்புக்கு நடுவே விரலுக்குத் தட்டுப்பட்ட கெட்டித் தடிப்பின் அகலம் 7 மி.மீ.தான்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி இருக்கிறது. தடிப்பை ஏன் அளக்கிறோம், சிவப்பை ஏன் விட்டுவிடுகிறோம்? செல்போன் எல்லார் கையிலும் இருக்கிற காலத்தில், முன்கையின் படத்தை வைத்து இந்தப் பரிசோதனையைப் படித்துவிட முடியுமா?

டியூபர்குலின் என்பது காசநோய்க் கிருமியின் வளர்ப்பிலிருந்து எடுத்த புரதச் சாறு. 1890இல் ராபர்ட் கோக் அதைக் காசநோய்க்கு மருந்தாக அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. ஆனால் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்தவர்களிடம் அது ஒரு எதிர்வினையைக் கிளப்புகிறது என்பது மிஞ்சியது. 1907இல் வியன்னாவின் பிர்கே தோலைக் கீறிச் சோதித்தார். அடுத்த ஆண்டு பிரான்சின் சார்ல் மான்டூ அதைத் தோலுக்குள் போடும் ஊசியாக மாற்றினார். அந்தப் பெயர்தான் இன்றும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் இருக்கிறது. 0.1 மில்லி திரவத்தை மெல்லிய ஊசியால் தோலுக்கு உள்ளேயே செலுத்தினால் 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் வெளிறிய கொப்புளம் எழும். சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். பிறகு 48 மணிக்கு மேல், 72 மணிக்குள் படிக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளில் தோலுக்குள் நடப்பது இரண்டு வெவ்வேறு வேலைகள். டி.பி. கிருமியை முன்பே சந்தித்து அதை நினைவில் வைத்திருக்கிற டி அணுக்கள் ஊசி போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்து, மற்ற வெள்ளணுக்களையும் கூப்பிடுகின்றன. அவை இரத்தக் குழாய்களைச் சுற்றி அடை அடையாகச் சேர்கின்றன. குழாய்களிலிருந்து கசியும் புரதங்களில் ஒன்றான ஃபைப்ரினோஜன், வெளியே வந்ததும் ஃபைப்ரின் வலையாக உறைகிறது. பால் தயிராகிற மாதிரி அந்த இடம் இறுகுகிறது. விரலுக்குக் கெட்டியாகத் தெரிவது இந்த இறுக்கம். சிவப்போ வெறுமனே குழாய்கள் விரிந்து இரத்தம் கூடுதலாக ஓடுவதால் வருவது. ஊசி குத்திய காயத்துக்கும், சொறிந்ததற்கும், மேலே பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டருக்கும்கூட வரும்.

இரண்டும் தனித்தனி என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிகத் தெளிவான சாட்சி 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிறவியிலேயே ஃபைப்ரினோஜன் இல்லாத அபூர்வமான நோயாளிகளுக்குக் கால்வின், மோசஸன், டுவோராக் என்ற மூவர் இந்த வகைத் தோல் சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். தோல் சிவந்தது, தடிப்பு மட்டும் வரவில்லை. ஒன்று இல்லாமல் மற்றது இருக்க முடியும் என்று உடம்பே காட்டிவிட்டது.

ஆனாலும் உலகம் முழுக்க எல்லாரும் தடிப்பையே அளந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் பல பத்தாண்டுகள் சிவப்பின் அகலத்தைத்தான் அளந்தார்கள், 10 மி.மீ. சிவப்பு இருந்தால் பாசிட்டிவ். அதற்கு ஒரு நியாயம் உண்டு. வெளிர் நிறத் தோலில் சிவப்பின் விளிம்பு பளிச்சென்று தெரியும், யார் வேண்டுமானாலும் சுலபமாக அளக்கலாம். பி.சி.ஜி. தடுப்பூசி யாருக்குத் தேவை என்று பள்ளிகளில் கூட்டம் கூட்டமாகப் பார்க்க அது போதுமானதாக இருந்தது. இந்த நோயாளிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த அளவு தாங்காது. நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சௌகரியமும் கிடையாது. சிவப்பு பாதித் தோலில் தெரியும், மீதித் தோலில் மறைந்துவிடும்.

இனி, விரல் எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். முதலில் கை தளர்ந்திருக்க வேண்டும். முழங்கையைச் சற்று மடக்கி, முன்கையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். விறைத்த கையில் தசையே கெட்டியாக இருக்கும், தடிப்பைப் பிரித்தறிய முடியாது. பிறகு கண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, விரல் நுனிகளால் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு நாலு பக்கமும் மெல்லத் தடவ வேண்டும். பூவை வருடுகிற அழுத்தம் போதும். பலமாக அழுத்தினால் விளிம்பு நழுவிவிடும். மெத்தென்ற தோலிலிருந்து திடீரென்று ஒரு மேடு தடுக்கும் இடம்தான் விளிம்பு. இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி என்று பேனாவால் வைக்கிறோம். கையின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்குவாக்கில் மட்டும். எல்லாரும் ஒரே திசையில் அளந்தால்தான் ஒருவர் எண்ணும் இன்னொருவர் எண்ணும் ஒப்பிடத் தகுந்ததாக இருக்கும். ஸ்கேலின் பூஜ்யக் கோட்டை இடப் புள்ளியின் உள்விளிம்பில் வைத்து, வலப் புள்ளியின் உள்விளிம்பில் படிக்கிறோம். இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே விழுந்தால் சிறிய எண்ணையே எழுதுகிறோம்.

விரல் கூச்சமாக இருக்கிறவர்களுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் 1975இல் சோக்கல் என்ற மருத்துவர் எழுதிய ஒரு வழி இருக்கிறது. சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, தடிப்புக்கு ஓரிரு செ.மீ. வெளியிலிருந்து மிதமான அழுத்தத்தில் தடிப்பை நோக்கி மெதுவாகக் கோடு இழுங்கள். மேடு வந்ததும் பேனா தானாகத் தடுக்கி நிற்கும். அங்கேயே தூக்கிவிடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோடுகளின் முனைகளுக்கு இடையே இருக்கிற தூரம்தான் அளவு. எனக்கு இது மிகவும் பிடித்த முறை. ஒரு காரணம், பேனா கண்ணுக்குக் கட்டுப்படாது. சிவப்பு எங்கே முடிகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இன்னொரு காரணம், அது தோலில் சாட்சி விட்டுச் செல்கிறது. அந்தச் சாட்சியைப் படம் எடுக்கலாம்.

தடிப்பின் மேல் கொப்புளமோ புண்ணோ வந்திருந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும், அது வலுவான எதிர்வினை. தடிப்பே இல்லையென்றால் "நெகட்டிவ்" என்று எழுதாமல் "0 மி.மீ." என்று எழுத வேண்டும். எண் இல்லாத சீட்டை அடுத்த மருத்துவர் எதற்கும் பயன்படுத்த முடியாது.

இப்போது படத்துக்கு வருவோம். தடிப்பு என்பது உயரமும் இறுக்கமும். தட்டையான படத்தில் இறுக்கம் வராது. உயரமும் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் ஒழிய வராது. செல்போன் ஃபிளாஷ் நேர் எதிரே இருந்து அடிப்பதால் நிழலையெல்லாம் துடைத்துவிடும், சிவப்பை மட்டும் தூக்கிக் காட்டும். அதாவது எதைப் பார்க்கக் கூடாதோ அதைப் பெரிதாக்கி, எதைப் பார்க்க வேண்டுமோ அதை அழித்துவிடுகிறது. சிறுமியின் படத்தில் நடந்தது அதுதான்.

இது போதாதென்று ஸ்கேலும் ஏமாற்றும். தோலிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் போனைப் பிடித்திருக்கிறீர்கள். ஸ்கேலைத் தோலில் படுக்க வைக்காமல் ஒரு செ.மீ. மேலே தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்கேல் கேமராவுக்கு 14 செ.மீ.யிலேயே இருப்பதால் அதன் கோடுகள் பெரிதாகத் தெரியும், தோலில் இருப்பது சிறிதாகத் தெரியும். உண்மையில் 10 மி.மீ. இருப்பது 9.3 என்று படிக்கும். கீழ் எண்ணை எடுக்கிற வழக்கப்படி 9. எல்லைக்கோடு 10 என்றால் ஒரு ஆள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

கையின் வளைவு இன்னும் மோசம். முன்கை கிட்டத்தட்ட உருளை. தடிப்பு கேமராவுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் 40 டிகிரி திரும்பியிருந்தால் 13 மி.மீ. அகலம் படத்தில் 10ஆகச் சுருங்கும். கையின் நீளவாக்கில் இந்தச் சுருக்கம் இருக்காது. நாம் அளக்க வேண்டிய குறுக்குவாக்கில்தான் படம் அதிகம் பொய் சொல்கிறது. இதனால்தான் தோலை ஒட்டி வளையக்கூடிய ஸ்கேலும், புள்ளிகளுக்கு நேர் மேலே பிடித்த கேமராவும் தேவைப்படுகின்றன.

சிறுமியின் கதையை முடித்துவிடுகிறேன். பேனாவால் கோடு இழுத்து, ஸ்கேலைத் தோலோடு ஒட்டி வைத்து, நானே அதே கையை மறுபடி படம் எடுத்தேன். இந்த முறை 10 மி.மீ.க்கு 150 புள்ளிகள், கோட்டு முனைகளுக்கு இடையே 105. அதாவது 7. அந்தப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் அவர்களும் 7 என்றுதான் படிப்பார்கள். ஏனென்றால் தொட வேண்டிய வேலை படத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. 7 என்பதால் காசநோய் இல்லை என்று நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ஊட்டம் குறைந்த குழந்தைக்கும், அண்மையில் தட்டம்மை வந்த குழந்தைக்கும், நோய் முற்றிய குழந்தைக்கும் தடிப்பு எழாமலே போகலாம். எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் தொடர்ந்தன. 24 என்ற எண்ணை நம்பி நேரடியாக மாத்திரை ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொரு படம். செவிலியர் படிப்பில் சேர்ந்த ஒரு பெண்ணின் கை, நல்ல கறுப்பு நிறம். குழாய் விளக்கின் கீழ் எடுத்திருந்தார்கள். படத்தில் சிவப்பும் இல்லை, மேடும் இல்லை, ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரிந்தது. பார்த்த சக மருத்துவர் "ஒண்ணுமில்ல, கிளீன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அன்று மாலையே நேரில் வந்ததால் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, சாய்ந்த வெயிலில் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிறை மாதிரி மெல்லிய நிழல். விரல் வைத்ததும் அடியில் பணியாரம் மாதிரி வட்டமாக ஒரு கெட்டி. பேனா இரண்டு பக்கமும் நின்ற இடத்துக்கு இடையே 14 மி.மீ. சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர் எப்படியும் மருத்துவரிடம் வந்துவிடுவார், தவறு திருத்தப்படும். சிவப்பு இல்லாததைப் பார்த்து நிம்மதியடைகிறவர் வருவதில்லை. படம் பார்த்துப் படிப்பதில் ஆபத்தான பிழை இந்த இரண்டாவதுதான்.

ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தோல் சோதனை செய்தார்கள். காசநோய்க் கிருமியின் சாறு மட்டுமின்றி, மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் தாயாதிக் கிருமி ஒன்றின் சாற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில், இந்தப் பகுதி மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சுற்றுப்புறக் கிருமிகளுக்கு ஏற்கெனவே பழகியிருப்பது தெரிந்தது. அப்படிப் பழகிய உடம்பு மான்டூ ஊசிக்கும் சிறிய தடிப்பைக் காட்டும். ஆகவே இங்கே 6, 8, 9 மி.மீ. என்று நடுத்தர அளவுகளில் கூட்டம் அதிகம். எல்லைக்கோடு ஆள் நடமாட்டமில்லாத பொட்டலில் போகவில்லை, சந்தைக்கு நடுவே போகிறது. 2 மி.மீ. தவறினால் நிறையப் பேர் பக்கம் மாறிவிடுவார்கள்.

எல்லைக்கோடும் எல்லாருக்கும் ஒன்றில்லை. 10 மி.மீ. என்பது நம் ஊரில் பொதுவாக எடுத்துக்கொள்வது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5. அதுவும் ஆர்.டி. 23 என்ற வகைச் சாற்றில் 2 அலகு போட்டிருந்தால்தான் அந்த 10க்கு அர்த்தம். சில ஆய்வுக்கூடங்கள் 5 அலகு, 10 அலகு என்று கூட்டிப் போட்டுவிட்டு அதே 10 மி.மீ. கோட்டை வைத்துக்கொள்கின்றன. மருந்து கூடினால் தடிப்பும் கூடும். சீட்டில் எத்தனை அலகு என்று எழுதாவிட்டால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை.

படிக்கிறவர் மனசும் எண்ணுக்குள் புகுந்துவிடும். உங்கள் மருத்துவமனையின் மான்டூ நோட்டை எடுத்து ஐம்பது பேரின் அளவுகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 10, 15, 20 என்று ஐந்தின் மடங்குகளாகவே குவிந்திருந்தால், அங்கே ஸ்கேல் வைக்கவில்லை, குத்துமதிப்பாக எழுதுகிறார்கள் என்று பொருள். ஒழுங்காக அளந்த நோட்டில் 11உம் 13உம் 7உம் இருந்தே தீரும்.

படத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களும் பதில் தேடாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில், தடிப்பைச் செல்போனால் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண மேட்டை உருவாக்கி அளக்கும் முறையை முயன்றிருக்கிறார்கள். ஒற்றைப் படத்தை வைத்து யோசிக்காமல் உயரத்தைத் திரும்ப உண்டாக்கப் பார்ப்பது சரியான பாதை. ஆனால் உயரம் கிடைத்தாலும் இறுக்கம் கிடைக்காது. மெத்தென்று வீங்கிய தோலும் கெட்டியாகத் தடித்த தோலும் அங்கே ஒரே மேடுதான்.

புதிய ஊசிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்திருக்கின்றன. காசநோய்க் கிருமியில் உள்ள, ஆனால் பி.சி.ஜி. கிருமியில் இல்லாத இரண்டு புரதங்களை மட்டும் வைத்துச் செய்த தோல் சோதனைகளை 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்றான சை-டிபி இந்தியாவிலேயே தயாராகிறது. தடுப்பூசியால் வரும் குழப்பம் அதில் இல்லை. எல்லாருக்கும் 5 மி.மீ. என்ற ஒரே கோடு. ஆனால் ஊசி போடுவதும், இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்ப்பதும், விரலால் தடிப்பைத் தேடிக் குறுக்கே அளப்பதும் அப்படியே இருக்கின்றன. சாறு மாறியும் விரலுக்கு ஓய்வு வரவில்லை.

என் முடிவு இதுதான். ஒற்றைப் படத்தை வைத்து மான்டூவைப் படிக்க முடியாது. தொட்டுப் படித்தவரின் வேலையைச் சரிபார்க்க மட்டும் படம் உதவும், அதுவும் அவர் பேனாவால் குறியிட்டிருந்தால். கிராமத்தில் இருக்கிற செவிலியர் பேனா முறையைப் பழகிக்கொண்டு, கோடு இழுத்து, ஸ்கேலைத் தோலில் படிய வைத்து, ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்து அனுப்பினால் நகரத்து மருத்துவர் தாராளமாக அதை ஏற்றுக்கொள்ளலாம். படத்தோடு ஊசி போட்ட நேரமும் எத்தனை அலகு என்பதும் எழுதியிருக்க வேண்டும். குறியில்லாத படம் வந்தால் அதில் எண் தேடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது மான்டூ போட்டிருந்தால் இதை மட்டும் செய்யுங்கள்: இடத்தைச் சொறியாதீர்கள், எதுவும் தடவாதீர்கள், சிவந்தாலும் சிவக்காவிட்டாலும் மூன்றாம் நாள் முடிவதற்குள் கையோடு நேரில் போய்விடுங்கள். தடிப்பில்லாத கையை 72 மணி கழித்துக் காட்டினால் அது கணக்கில் வராது. மறுபடி ஊசிதான்.